ஆட்டின் கண்ணைப் பார்த்து மருந்து கொடுப்போம்

ஆடு வளர்க்கும் நண்பர்களுக்கு வணக்கம். மழை தொடங்கிவிட்டால், ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு பெருகிவிடும். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போல இருப்பது இதன் பெண்புழு. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி போய்விடும். பல நேரம் ஆடு கழியாது, புழுக்கை கெட்டியாகவே விழும். அதனால் நோய் தெரியாமலே ஆடு வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும்.

இதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டி முழுவதற்கும் பூச்சி மருந்து ஊற்றுவது வழக்கம். அதில்தான் சிக்கல். மருந்துக்குச் சாகாத சில புழுக்கள் தப்பித்து முட்டையிடும். மருந்து படாத புழுக்கள் பட்டியில் மிச்சம் இருந்தால், அவற்றின் குஞ்சுகளோடு இவை கலந்து நீர்த்துப்போகும். எல்லா ஆட்டுக்கும் ஊற்றிவிட்டால் மேய்ச்சல் நிலம் சாகாத புழுக்களுக்கே சொந்தமாகிவிடும். எடையைக் குறைவாக மதித்து மருந்தைக் குறைத்து ஊற்றுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா வண்ண அட்டை இதற்கு ஒரு வழி. ஆட்டை வெயில் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி, கண்ணை மெல்ல உள்ளே அழுத்தியபடி, மற்றக் கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உட்சவ்வு துருத்திக்கொண்டு வெளியே வரும். அதன் நிறத்தை உடனே அட்டையோடு ஒப்பிடுங்கள். நேரம் போனால் சவ்வு சிவந்து உங்களை ஏமாற்றிவிடும். இரண்டு கண்ணையும் பார்த்து, வெளிறிய கண்ணின் எண்ணையே எழுதுங்கள். 1 நல்ல சிவப்பு, 3 இளஞ்சிவப்பு, 5 வெள்ளை.

பட்டியில் 30 வெள்ளாடு என்று வைத்துக்கொள்வோம். 22 ஆடு 1, 2. ஆறு ஆடு 3. இரண்டு ஆடு 4. நாலுக்கும் ஐந்துக்கும் கட்டாயம் மருந்து வேண்டும். வெள்ளாட்டுக்கும் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் மூன்றிலேயே கொடுத்துவிடுவது நல்லது. ஆக எட்டு ஆட்டுக்குத்தான் மருந்து. 22 ஆடு அப்படியே இருக்கட்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். நாலு, ஐந்து எண் பட்டியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், வாரம் ஒருமுறை.

மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது, ஏனென்றால் வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். சினை ஆட்டின் முதல் மாதங்களில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது.

வெளிறிய கண்ணெல்லாம் இந்தப் புழுவாலேயே வருவதில்லை. உண்ணி, ஈரல் தட்டைப்புழு, தீவனக் குறையாலும் வெளுக்கும். கண்நோயோ தூசியோ இருந்தால் வெளுத்த ஆடும் சிவப்பாகக் காட்டும். மருந்து கொடுத்து இரண்டு வாரமாகியும் நிறம் ஏறாத ஆட்டின் சாணத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். புழு முட்டையை எண்ணிப் பார்த்தால் மருந்து பலித்ததா, வேறு காரணமா என்று தெரிந்துவிடும்.