மருந்து ஷாம்பூவை நிறுத்தினதும் பொடுகு ஏன் திரும்புது? அடுத்த பாட்டிலை எப்படித் திட்டம் போடணும்?

(காட்சி: காலியான ஷாம்பூ பாட்டில். பக்கத்துல தினசரி நாள்காட்டி. தாள் ஒண்ணொண்ணா கிழியுது.)

வணக்கம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஷாம்பூவைப் போட்டீங்க. ஒரு மாசத்துல தலை சுத்தமாச்சு. பாட்டில் தீர்ந்தது, நிறுத்திட்டீங்க. அதுக்கப்புறம் சில வாரத்துல முதல்ல காதுக்குப் பின்னாடி லேசா அரிப்பு, அப்புறம் சட்டைத் தோள்ல வெள்ளைத் தூள். "இந்த ஷாம்பூ நமக்குக் கேக்கலை"ன்னு வேற பாட்டில் வாங்குறீங்க. அதுவும் இதே கதைதான்.

ஷாம்பூ கேட்டுச்சு. அதனாலதான் ஒரு மாசம் சுத்தமா இருந்துச்சு. ஆனா பொடுகைப் பொறுத்தவரைக்கும் "எப்ப நிறுத்தலாம்"ங்கிற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்காது. "எத்தனை நாளைக்கு ஒரு தடவை போட்டா போதும்"னு கேட்டா பதில் கிடைக்கும். இந்த வீடியோவுல அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறோம்.

(காட்சி: தலைத்தோலின் குறுக்குவெட்டுப் படம். முடிவேர், எண்ணெய்ச் சுரப்பி.)

நம்ம தலைத்தோல்ல மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை, குடியிருக்கு. பொடுகு இருக்கிறவங்க தலையில மட்டும் இல்லை, அநேகமா எல்லார் தலையிலயும் இருக்கு. அதனால அடுத்தவங்க சீப்புலேர்ந்து பொடுகு ஒட்டிக்கிச்சுன்னு யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்.

இந்தப் பூஞ்சைக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தை அதால தானே தயாரிச்சுக்க முடியாது. நம்ம தோல் சுரக்கிற எண்ணெயை உடைச்சு, அதுலேர்ந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கும். மிச்சத்தைத் தோல்மேலயே விட்டுடும். அந்த மிச்சத்துல ஓலிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு. சிலருடைய தோலுக்கு அது ஆகாது. மேல்தோலுக்குள்ள இறங்கி அதோட காப்பைக் குலைச்சுடும். தோல் பதறிப்போய் புது செல்களை அவசர அவசரமா மேல தள்ளும். சாதாரணமா ஒண்ணொண்ணா, கண்ணுக்குத் தெரியாம உதிர வேண்டிய செல்கள் கொத்தாச் சேர்ந்து உதிரும். அதுதான் பொடுகு.

ஆக மூணு பேர் கூட்டுச் சேரணும்: பூஞ்சை, எண்ணெய், அந்த மிச்சத்தைத் தாங்காத தோல். வயசுக்கு வர்ற சமயத்துலதான் எண்ணெய்ச் சுரப்பு கூடும். பொடுகும் பெரும்பாலும் அப்பத்தான் தலைகாட்டும்.

இப்ப மருந்துக்கு வருவோம். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ இந்த மூணுல முதல் ஆளை மட்டும்தான் கட்டுப்படுத்துது. அதையும் அடியோட ஒழிக்கிறதில்லை, எண்ணிக்கையைக் குறைக்குது. உங்க எண்ணெய்ச் சுரப்பு அப்படியே இருக்கு, தோலோட சுபாவமும் அப்படியே இருக்கு. ஷாம்பூவை நிறுத்தின நாள்லேர்ந்து மிச்சமிருந்த பூஞ்சை பெருக ஆரம்பிக்கும். வயல்ல ஒரு தடவை களை எடுத்துட்டு அறுவடை வரைக்கும் அந்தப் பக்கமே போகாம இருந்தா என்ன ஆகும்னு டெல்டாக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

(காட்சி: மூணு தூண் வரைபடம்: 47, 31, 19.)

இதை ஒரு ஆய்வு எண்ணிக்கையோட காட்டிச்சு. 1995-ல வெளியான ஆய்வு அது. கீட்டோகோனசோல் ஷாம்பூவால குணமான 312 பேரை எடுத்து, 6 மாசம் மூணு பிரிவாக் கவனிச்சாங்க. மருந்தில்லாத ஷாம்பூ போட்டவங்கள்ல 100-க்கு 47 பேருக்குப் பொடுகு திரும்பி வந்துச்சு. 2 வாரத்துக்கு ஒரு தடவை மருந்து போட்டவங்கள்ல 31 பேருக்கு. வாரம் ஒரு தடவை போட்டவங்கள்ல 19 பேருக்கு.

இந்த எண்களை நிதானமாப் பாருங்க. வாரம் ஒரு தடவைங்கிறது ரொம்பச் சின்ன வேலை, ஆனா அதுக்குக் கிடைக்கிற பலன் பெருசு. அதே சமயம் மருந்தே இல்லாம 6 மாசம் தள்ளினவங்களும் பாதிக்கு மேல இருக்காங்க. அதனால எல்லாருக்கும் ஒரே இடைவெளி சரிப்படாது. உங்க இடைவெளியை நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

(காட்சி: கும்பகோணம் கடைத்தெரு, காலை நேரம்.)

ஒரு உதாரணத்தை முழுசாப் போட்டுப் பார்ப்போம். கும்பகோணத்துல பாத்திரக் கடையில வேலை பார்க்கிற 26 வயசுப் பையன்னு வெச்சுக்குங்க. தினமும் சுவாமிமலையிலேர்ந்து ஹெல்மெட் போட்டுக்கிட்டு வண்டியில வர்றாரு. காலையில தலைக்குத் தேங்காய் எண்ணெய். சனிக்கிழமைன்னா நல்லெண்ணெய் தேய்ச்சு, ஒரு மணி நேரம் ஊறி, சீயக்காய் போட்டுக் குளியல்.

இவர் வாங்கின 100 மில்லி பாட்டில் 2 வாரத்துல தீர்ந்துடுச்சு. வாரத்துல 5 நாள், தடவைக்கு 10 மில்லி, நுரை வந்த உடனே அலசல். இதுல தப்பு ரெண்டு. மருந்து தலையில நிக்கவே இல்லை. சிகிச்சையும் 2 வாரத்தோட முடிஞ்சுபோச்சு.

அதே 100 மில்லியை வேற மாதிரிப் பிரிச்சுப் பார்ப்போம். வெட்டின முடிக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி போதும். நீள முடின்னா 10 வரைக்கும் ஆகும். முதல் 4 வாரம் புதனும் சனியும்: 8 தடவை, 40 மில்லி. மிச்சம் 60 மில்லி இருக்கு. அடுத்து சனிக்கிழமை மட்டும், தடவைக்கு 5 மில்லின்னா 12 வாரம் வரும். ஆடி மாசப் பிறப்புல ஆரம்பிச்சா ஐப்பசி பாதி தாண்டுற வரைக்கும் ஒரே பாட்டில் ஓடும். மத்த நாள்ல தலைக்கு ஊத்திக்கணும்னா சாதாரண ஷாம்பூவே போதும்.

(காட்சி: குளியலறை. நேரம் காட்டும் கடிகாரம்.)

இப்பப் போடுற விதம். தலையில எண்ணெய் இருக்கும்போது மருந்து ஷாம்பூவை நேராப் போட்டா நுரைக்காது. எண்ணெயைக் கழுவுறதுலயே மருந்து செலவாகிடும், தோல் வரைக்கும் போய்ச் சேராது. அதனால முதல்ல சீயக்காயோ சாதாரண ஷாம்பூவோ போட்டு எண்ணெயைப் போக்கி அலசுங்க. அப்புறம் விரலால வகிடு எடுத்து, எடுத்த இடத்துல எல்லாம் தோல்மேல மருந்து ஷாம்பூவை வைங்க. உச்சியோட நிறுத்திடாதீங்க. காதுக்குப் பின்பக்கம், பிடரி, முன்நெத்தி முடி ஓரம், இங்கேயும் வேணும். நகத்தால சுரண்டாம விரல்நுனியால தேய்ங்க. அப்படியே 3 நிமிஷத்துலேர்ந்து 5 நிமிஷம் விடுங்க. அந்த நேரத்துல உடம்புக்குச் சோப்பு போட்டுக்கலாம். நேரத்தை மனசுல கணக்குப் போட்டா ஒரு நிமிஷமே அஞ்சு மாதிரித் தோணும், அதனால கடிகாரத்தைப் பாருங்க. கண்ணுல படாம நல்லா அலசுங்க.

"முடி வறண்டு போகுது"ன்னு பெண்கள் சொல்றது நிஜம்தான். மருந்தை முடி நீளத்துக்குத் தேய்க்காதீங்க, கண்டிஷனரை வேருக்குப் போடாதீங்க. ரெண்டையும் அதது இடத்துல வெச்சாலே பாதி சிக்கல் தீர்ந்துடும்.

எண்ணெயைப் பத்தித் தனியாப் பேசணும், ஏன்னா நம்ம ஊர்ல இதுதான் பெரிய இடறல். நல்லெண்ணெய்ல ஏறக்குறைய 100-க்கு 40 பங்கு ஓலிக் அமிலம்தான், அதே ஆகாத சரக்கு. தேங்காய் எண்ணெய்ல இருக்கிற அமிலங்கள்ல பெரும்பகுதியையும் இந்தப் பூஞ்சை சாப்பிடும். எண்ணெய் தடவினதும் பொடுகு குறைஞ்ச மாதிரித் தெரியுறதுக்குக் காரணம், செதில் நனைஞ்சு தோலோட ஒட்டிக்கிறதுதான். காய்ஞ்சதும் திரும்பத் தெரியும்.

அதுக்காக சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடச் சொல்லலை. அந்த 4 வாரச் சிகிச்சை முடியுற வரைக்கும் தலையில வேண்டாம், உடம்புக்குத் தேய்ச்சுக்குங்க. அப்புறம் முடி நீளத்துக்குத் தடவி, ஒரு அரை மணி நேரத்துல கழுவிட்டு, அதே குளியல்ல மருந்து ஷாம்பூ போடுங்க. அப்ப எண்ணெய் நாளும் மருந்து நாளும் ஒண்ணாயிடும், மறக்கவும் மறக்காது. தினம் காலையில எண்ணெய் வெச்சு அதுமேல ஹெல்மெட் மாட்டுறதைத்தான் கட்டாயம் விடணும்.

(காட்சி: நாள்காட்டியில் சனிக்கிழமைகள் மேல் வட்டம்.)

12 வாரம் அமைதியாப் போச்சு. இடைவெளியை 2 வாரமாக்கலாமா? ஆக்கலாம், ஆனா உடனே வேண்டாம். குளிர் மாசங்கள்ல பொடுகு கூடுறது பொதுவா நடக்கிறது. மார்கழி, தை தாண்டட்டும். மாசியில ஒரு சனி விட்டு ஒரு சனி போட்டுப் பாருங்க.

கவனிக்க வேண்டியது செதிலை இல்லை, அரிப்பை. பலருக்கு வெள்ளைத் தூள் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே அரிப்பு வந்துடும். எத்தனாவது நாள் வந்துச்சுன்னு நாள்காட்டித் தாள்ல குறிங்க. நம்ம உதாரணப் பையனுக்கு 11-வது நாள் அரிச்சா, அவருக்கு 14 நாள் தாங்காது. உடனே வாரம் ரெண்டு தடவைன்னு 2 வாரம் போட்டு அடக்கிட்டு, பழையபடி 7 நாளுக்கு ஒரு தடவைன்னு வந்துடணும். அரிப்பே இல்லைன்னா 14 நாளே போதும்.

"ஷாம்பூ தலைக்குப் பழகிப்போச்சு"ன்னு சொல்றவங்க, வேற பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தைச் சரிபாருங்க: இடைவெளி நீண்டுபோச்சா, 5 நிமிஷம் அரை நிமிஷமாச் சுருங்கிப்போச்சா. ரெண்டும் சரியா இருந்தும் 4 வாரத்துல குறையலைன்னா செலினியம் சல்ஃபைடு, சைக்ளோபிராக்ஸ் மாதிரி வேற மருந்துகள் இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டு மாத்துங்க. கர்ப்பிணிகளும் 12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளும் முதல் பாட்டிலையே கேட்டுட்டுத்தான் வாங்கணும்.

ஒரு எச்சரிக்கை. மெடிக்கல்ல "இதைத் தடவுங்க, ரெண்டே நாள்ல போயிடும்"னு கொடுக்கிற லோஷன் பெட்டியில பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்னு போட்டிருந்தா அது ஸ்டீராய்டு. செவப்பும் அரிப்பும் கடுமையா இருக்கும்போது டாக்டர் சில நாளைக்கு எழுதுவாங்க, அது சரி. நீங்களா மாசக்கணக்கா தடவினா தோல் மெலிஞ்சுபோகும். நிறுத்தினதும் முன்னைவிட மோசமாத் திரும்பலாம். வாராவாரம் போடுற பராமரிப்புக்கு இது ஆகவே ஆகாது.

(காட்சி: மூணு படங்கள் அடுத்தடுத்து.)

கடைசியா, பொடுகே இல்லாத சில பொடுகு. தடிச்ச வெள்ளிநிறச் செதில் முடி ஓரத்தைத் தாண்டி நெத்திக்கு வந்தா, முழங்கையிலயும் முழங்கால்லயும் அதே மாதிரி இருந்தா, சொரியாசிஸா இருக்கலாம். வெள்ளைப் புள்ளி முடியிலேயே ஒட்டிக்கிட்டு உருவினாலும் வராம இருந்தா அது ஈர், பேன் முட்டை. பள்ளிக்கூடப் பிள்ளை தலையில செதிலோட முடி ஒடிஞ்சு வட்டமா சொட்டை விழுந்தா அது தலைப் படர்தாமரையா இருக்கலாம். அதுக்கு ஷாம்பூ மட்டும் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேணும். மறுநாளே தோல் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க.