டோலோவும் பான்-டியும் அமெரிக்காவில் என்ன பெயரில்?

கேள்வி: "அப்பா, அம்மாவோடு நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650, பான்-டி, குளோபிலெட் மூன்றும் தீரப்போகின்றன. இங்கே மருந்துக்கடையில் இந்தப் பெயர்கள் யாருக்கும் தெரியவில்லை. என்ன சொல்லிக் கேட்பது?"

முதலில் அந்த மாத்திரை அட்டைகளை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் மருந்தின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்கும், அதைப் படியுங்கள். நம்ம ஊர் மெடிக்கல்காரர் பத்து மாத்திரை அட்டையை நாலாகக் கத்தரித்துக் கொடுத்து, பெயர் இருந்த துண்டு அவரிடமே போயிருந்தால் பழைய மருந்துச் சீட்டைத் தேட வேண்டியதுதான்.

டோலோ 650-இல் இருப்பது பாரசிட்டமால், 650 மில்லிகிராம். ஆனால் அமெரிக்காவில் பாரசிட்டமால் என்று கேட்டாலும் விழிப்பார்கள். அங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். இரண்டும் ஒரே பொருள்தான். அதன் நீளமான வேதிப் பெயரை இந்தப் பக்கம் ஒரு மாதிரி வெட்டினார்கள், அந்தப் பக்கம் வேறு மாதிரி வெட்டினார்கள். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பூட்டமாலும் இப்படித்தான், அங்கே ஆல்பியூட்டரால். இந்த மாதிரிப் பெயர் மாறுபவை கொஞ்சம்தான். பெரும்பாலான மருந்துகளுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பெயர்.

சரி, அசிட்டமினோஃபென் 650 என்று எழுதிய டப்பாவை எடுத்துவிடலாமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அங்கே கடையில் 650 என்று விற்பது பெரும்பாலும் மூட்டு வலிக்காக எட்டு மணி நேரம் மெதுவாகக் கரையும் வகை. பாதி உடனே கரையும், மீதி பிறகு. அதை உடைத்தோ பொடித்தோ கொடுக்கக் கூடாது. டோலோவோ முழுவதும் உடனே கரைவது. அதனால் கடையின் தளத்தில் acetaminophen 325 mg என்று அடித்துத் தேடுங்கள். அதில் இரண்டு மாத்திரை சேர்ந்தால் சரியாக உங்கள் ஒரு டோலோ. extended release என்றோ 8 HR என்றோ போட்டிருந்தால் அது அந்த வேறு வகை.

அப்புறம், சளிக்கு என்று ஏதாவது வாங்கினால் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். மேலேயே அதில் உள்ள மருந்துகளின் பட்டியல் இருக்கும். டேகுவில், நைகுவில் போன்றவற்றில் அசிட்டமினோஃபென் ஏற்கெனவே கலந்திருக்கும். தெரியாமல் இரண்டையும் கொடுத்தால் கணக்கு ஏறிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரலைத்தான் பாதிக்கும். கல்லீரல் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அந்த அளவும் அதிகம், மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

பான்-டிதான் சிக்கல். அதில் இரண்டு மருந்து இருக்கிறது: பேன்டோபிரசோல் 40, டோம்பெரிடோன் 30. பேன்டோபிரசோல் அங்கே உண்டு, ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். டோம்பெரிடோனுக்கு அமெரிக்காவில் அனுமதியே இல்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம் என்ற கவலை. ஆக, இந்த மாத்திரைக்கு அங்கே முழு ஜோடி கிடையாது. எத்தனையோ பேர் வருடக்கணக்கில் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருப்பது இது. டோம்பெரிடோன் அப்பாவுக்கு உண்மையிலேயே தேவைதானா என்று டாக்டரிடம் கேட்க இது நல்ல சமயம்.

"அதுக்கென்ன, சீட்டில்லாமல் ஓமெப்ரசோல் கிடைக்குதே, அதுவும் கேஸ் மாத்திரைதானே" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஒரே குடும்பம்தான், ஆனால் அதே மருந்து இல்லை. அதுவும் உங்கள் அப்பா குளோபிலெட் போடுகிறார். அதில் இருப்பது குளோபிடோக்ரல், ரத்தம் உறையாமல் இருக்க. அது வேலை செய்ய கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்ற வேண்டும். ஓமெப்ரசோல் அந்த நொதியையே தடுக்கிறது. குளோபிடோக்ரலின் பலன் குறைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பேன்டோபிரசோலுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

குளோபிடோக்ரல் அங்கேயும் அதே பெயர், 75 மில்லிகிராம், சீட்டு வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் அதை ஒரு நாள்கூட நிறுத்தவிடக் கூடாது. டாக்டர் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இன்றைக்கே கூப்பிடுங்கள். போகும்போது மூன்று அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள், காலி அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.