பதினேழு ரூபாய் எழுபது காசு

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கத்து மகளிர் குழுக்களின் கணக்கைப் பார்த்துத் தருகிற வேலை என்னுடையது. வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழுவின் நோட்டைச் சரிபார்ப்பது எப்படி என்று ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதத் தொடக்க இருப்பு 18,450 ரூபாய். வரவு இரண்டு: ஃபேக்டரியிலிருந்து பச்சை இலைப் பணம் 42,360, உறுப்பினர் சேமிப்பு 6,000. எல்லாம் சேர்ந்து 66,810. நோட்டில் பற்று மூன்று: உரத்துக்கு 17,580, பறிப்புக் கூலிக்கு எடுத்தது 12,500, கடன் தவணை 9,250. கழித்தால் மீதி 27,480. ஸ்டேட்மென்ட்டின் கடைசி வரியிலோ 29,262 ரூபாய் 30 காசு. வித்தியாசம் 1,782 ரூபாய் 30 காசு.

முதலில் காசைப் பாருங்கள். நம் நோட்டில் காசே கிடையாது. அப்படியானால் வங்கி தானாகப் போட்ட வரி ஒன்று நம்மிடம் விட்டுப்போயிருக்கிறது. தேடினால், எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 17 ரூபாய் 70 காசு. அதையும் எழுதிக் கழித்தால் நம் இருப்பு 27,462 ரூபாய் 30 காசு. இப்போது வித்தியாசம் சுத்தமாக 1,800.

1,800 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. அப்படி வந்தால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவது கணக்கர்களின் பழக்கம். வகுத்தால் வருவது 200. அதாவது ஆயிரம் இடத்திலும் நூறு இடத்திலும் உள்ள இலக்கங்களுக்குள் வித்தியாசம் இரண்டு. நம் வரிகளில் அப்படி இருப்பது உரத்தின் 17,580 மட்டும்தான். ஸ்டேட்மென்ட்டில் அது 15,780. திருத்தியதும் இரண்டு இருப்பும் ஒன்றாகின்றன.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. வரவைப் பற்றில் எழுதிவிட்டால் வித்தியாசம் அந்தத் தொகையைப்போல் இரு மடங்காக வரும். அதனால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எந்த வரியிலாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஸ்டேட்மென்ட் பல பக்கமாக இருந்தால், ஒரு பக்கத்தின் கடைசி இருப்புக்கும் அடுத்த பக்கத்தின் முதல் வரிக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் ஒரு தாள் காணாமல் போயிருந்தால் அங்கேதான் தெரியும். சில ஸ்டேட்மென்ட்களில் புதிய வரி மேலேயும் பழையது கீழேயும் இருக்கும். அதைக் கவனிக்காமல் மேலிருந்து கூட்டிப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம்.

சரி, இருப்பு ஒத்துப்போனால் போதுமா? போதாது. நாம் எடுக்காத பணத்தை வேறு யாராவது எடுத்திருந்தாலும், அதை அப்படியே பார்த்து நோட்டில் எழுதிவிட்டால் கூட்டல் ஒத்துப்போகும். வரவு ஒரு நூறு அதிகமாகவும் பற்று ஒரு நூறு அதிகமாகவும் எழுதியிருந்தாலும் ஒத்துப்போகும். ஆகவே பற்று வரி ஒவ்வொன்றுக்கும் நேராக ரசீதோ தீர்மானப் புத்தகத்தின் பக்க எண்ணோ பென்சிலால் குறித்துவிடுங்கள். குறிக்க எதுவுமில்லாத வரியைப் பற்றி அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்.