சோப்புக்கட்டிக்குள்ள ஒரு கணக்கு

வணக்கம் நேயர்களே. ரேடியோல படம் காட்ட முடியாது, அதனால மனசுக்குள்ள ஒரு துணி சோப்பு எடுத்துக்கோங்க, நீளம் அகலம் உயரம் மூணும் 6 சென்டிமீட்டர். அதே 6 சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு தகர பைப்ப முன்பக்கமா குத்தி எடுத்தா ஒரு உருளை வரும், அந்த உருளைய படுத்தவாக்குலயே வச்சு பக்கவாட்டுலயும் ஒரு தடவ குத்துறோம், இப்ப பைப்புக்குள்ள மிஞ்சுற துண்டு எவ்வளவு கனஅளவு?

பந்து மாதிரிதான் இருக்கும்னு தோணும், ஆனா மேலருந்து பாத்தா சதுரம்!

கத்திய படுக்கையா வச்சு சீவுங்க. படுத்திருக்கற உருளைய அப்படி சீவினா ரிப்பன் மாதிரி ஒரு நீள பட்டைதான் வரும், ரெண்டு பைப்புக்கும் வர்ற பட்டைங்க ஒரே அகலம், நாலு ரோடு சந்திப்பு மாதிரி குறுக்க வெட்டிக்குது, ரெண்டுக்கும் பொதுவான இடம் சதுரம், வளைவே கிடையாது. நிறைய பசங்க செங்குத்தா வெட்டிட்டு, ரெண்டு பக்கமும் நறுக்கின வட்டத்தோட பரப்ப கண்டுபிடிக்க முடியாம மாட்டிக்குவாங்க.

நடுவுலருந்து h உயரத்துல சீவினா, பித்தாகரஸ் படி அந்த சதுரத்தோட பரப்பு 4(9−h²). முழு சோப்புல அதே உயரத்துல பரப்பு 36. அப்ப வெட்டி எறிஞ்சது 4h², அதாவது பக்கம் 2h உள்ள ஒரு சதுரத்தோட பரப்பு. நடுவுல ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சு மேல போகப்போக விரியற சதுரம்னா அது தலைகீழா நிக்கற பிரமிடுதானே! அடி 6க்கு 6, உயரம் 3, மூணுல ஒரு பங்கு, ஆக 36. கீழயும் ஒண்ணு, மொத்தம் 72. 216லருந்து 72 போனா 144, அதாவது சோப்புல சரியா மூணுல ரெண்டு பங்கு, π எங்கயுமே வரல பாருங்க (பொதுவா ஆரம் r னா 16r³/3).

சீனாவுல லியூ ஹுய்ங்கற கணித அறிஞர் கி.பி. 263ல இந்த வடிவத்த பிடிச்சதே பந்துக்காகத்தான். அதே விட்டமுள்ள பந்த இதுக்குள்ள வச்சு சீவினா, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளயும் பந்தோட வட்டம் கச்சிதமா உக்காரும், அதனால பந்துக்கும் இதுக்கும் விகிதம் π/4னு சொல்லிட்டாரு, ஆனா இதோட கனஅளவு அவருக்கு பிடிபடல, தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்னு நேர்மையா எழுதி வச்சிட்டாரு. 200 வருஷத்துக்கும் மேல ஆச்சு, சூ கெங்சிங்கற இன்னொரு சீன கணித அறிஞர் வந்து உள்ள இருக்கறத விட்டுட்டு வெளிய போனத அளந்தாரு, நாம இப்ப பண்ணது அதேதான். 144ஐ π/4ஆல பெருக்குங்க, 36π, சுமார் 113, பந்தோட கனஅளவு வந்துருச்சு.

ஒண்ணு மட்டும், ரெண்டு பைப்பும் ஒரே விட்டமா இருக்கணும். சின்னதும் பெருசுமா குத்தினா பட்டைங்க அகலம் மாறிடும், சதுரம் செவ்வகமாயிடும், பிரமிடும் கிடைக்காது.