ஐந்தேகால் மணித்தியாலம்

எல்லோருக்கும் வணக்கம். இன்று சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. நாம் பேசப்போவது உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி, ஆனால் இந்த மண்டபத்தில் அந்த வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. வெள்ளவத்தையில் இந்த நேரத்தில் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஆகவே, வகுப்பு முடிய ஏற்றிப்போகக் காத்திருக்கும் தாய் தகப்பனோடும், ஆசிரியர்களோடும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். அவளும் தாயும் சொல்லலாம் என்றார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். உயிரியல் பிரிவு. முதல் தடவை பரீட்சை எழுதுவதற்கு முந்திய மாதங்களில் அவளோடு உட்கார்ந்து, அவளுடைய ஒரு கிழமையைக் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். அதில் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

பாடசாலை 30 மணித்தியாலம். ரியூசன், ஒரு பாடத்துக்குத் தியரி 5, ரிவிஷன் 4, பேப்பர் கிளாஸ் 3. ஆக 12. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று மூன்று பாடத்துக்கும் 36. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை வந்து, அங்கே நூறாம் இலக்க பஸ் எடுத்து வெள்ளவத்தை வந்து, திரும்பிப் போவது கிழமைக்கு 16. வகுப்பில் தரும் டியூட்டுகளைச் செய்து, படித்து முடிக்க 28. குளிக்க, சாப்பிட, உடுக்க, சாமி கும்பிட நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்று வைத்தால் 21. எல்லாம் சேர்த்து 131. மிச்சம் 37. அதை ஏழால் பிரித்தால் நாளுக்கு ஐந்தேகால் மணித்தியாலம். அந்தப் பிள்ளையின் நித்திரை அவ்வளவுதான்.

பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியால நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்தள்ளிப் போகும், இரவு பத்துக்குக் கண் சொருகாது. "ராத்திரி முழிச்சிருக்கிறாள், காலையில எழும்ப மாட்டாள்" என்று தாய் சொல்வது சோம்பேறித்தனத்தைப் பற்றியல்ல, வளர்ச்சியைப் பற்றி. ஆனால் அவள் ஐந்து மணிக்கு எழும்பியாக வேண்டும். இந்தக் கணக்கில் கைவைக்கக்கூடிய ஒரே இடம் நித்திரைதான். ஆகவே அதிலிருந்துதான் ஒவ்வொரு புது வகுப்புக்கும் நேரம் எடுக்கப்படுகிறது.

அவள் போன பேப்பர் கிளாஸ் ஒன்றில் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். பெரிய மண்டபம் நிறைந்து, பக்கத்து அறையிலும் பிள்ளைகள். அந்த அறையில் படிப்பிக்கும் சேர் இல்லை, சுவரில் ஒரு டிவி. சேர் அடுத்த மண்டபத்தில் எழுதுவதை இவர்கள் டிவியில் பார்த்து எழுதுகிறார்கள். பல்தேர்வு வினா 50, நேரம் இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம் 24 விநாடி. மணி அடித்ததும் தாள் சேகரித்தார்கள். அன்றிரவே வட்ஸ்அப் குழுவில் ராங்க் லிஸ்ட் வந்துவிட்டது. தாள் திரும்பி வரும்போது அதில் புள்ளி மட்டும்தான் இருந்தது. எந்த அலகில் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி இல்லை. அத்தனை பேருக்கு எழுத அந்த ஆசிரியருக்கும் இரவு போதாது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, இவ்வளவு நேரமும் எதற்காகப் போகிறது? இஸட் புள்ளிக்காக. எல்லோரும் சொல்கிறோம், அது என்ன செய்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம். 2001இல் கொண்டுவந்த முறை இது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பார்கள். மூன்று பாடத்தின் விடைகளையும் கூட்டி மூன்றால் பிரித்தால் உங்கள் இஸட் புள்ளி. நான்கு தசம தானத்துக்குப் போடுவார்கள்.

விளங்கிக்கொள்வதற்காக இலக்கம் போட்டுப் பார்ப்போம். பௌதிகவியலில் சராசரி 42, நியம விலகல் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளை 74 எடுக்கிறாள். 74இலிருந்து 42 போனால் 32, அதைப் பதினாறால் பிரித்தால் 2. நல்ல புள்ளி. அடுத்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் இன்னொரு ரிவிஷன் வகுப்புக்குப் போகிறார்கள், எல்லோருக்கும் 8 புள்ளி கூடுகிறது. இவளும் 82 எடுக்கிறாள். சராசரி 50. 82இலிருந்து 50 போனால் அதே 32. அதே 2. எல்லோரும் நித்திரையைக் கொடுத்தார்கள், எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் அந்த வகுப்பை விட்டால் அவர் பின்னுக்குப் போவார். அதனால்தான் எந்தத் தாயாலும் தனியாக நிறுத்த முடியவில்லை. இது தாயின் பேராசை என்று சொல்வது எளிது, ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அதே கணக்கில் ஒரு பல்தேர்வு வினாவின் பெறுமதியையும் பாருங்கள். ஒரு வினா பாடத்தின் நூற்றுக்கு ஒரு புள்ளி. பதினாறில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் ஒரு பங்கு. ஏறத்தாழ 0.02. வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் அந்த 0.02க்குள் எத்தனை பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள்! தலைவலியோடு எழுதிய ஒரு வினா, பிழையாகப் போட்ட ஒரு புள்ளடி, அவ்வளவுதான் வித்தியாசம். அதை வைத்து ஒரு பிள்ளையைக் கெட்டிக்காரி என்றும் மற்றதைக் கெட்டிக்காரி இல்லை என்றும் வீட்டில் பேசுகிறோம்.

இனி மாவட்டம். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பிள்ளை படித்த பாடசாலை கொழும்பில் என்றால் அவள் கொழும்பு வரிசையில்தான் நிற்க வேண்டும். மன்னார், நுவரெலியா பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தளர்வு இங்கே இல்லை. அந்தத் தளர்வு அவர்களுக்கு வேண்டும், ஆய்வுகூடம் சரியாக இல்லாத பாடசாலையில் படித்தவர்களுக்கு அது நியாயம். ஆனால் கொட்டாஞ்சேனையில் ஓரறை வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும் அதே கொழும்பு வெட்டுப்புள்ளிதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாவட்டம் என்ற அளவுகோல் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதில்லை.

நம்முடைய சமூகம் ஏன் மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு படிப்பையும் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது? இதற்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது பொறியியலுக்குத் தமிழ் மொழி மூலப் பிள்ளை 250 எடுக்க வேண்டியிருந்தது, சிங்கள மொழி மூலப் பிள்ளைக்கு 227 போதுமாக இருந்தது. அதை அனுபவித்த தலைமுறை இன்றைய பிள்ளைகளின் தாத்தா பாட்டி. பிறகு 1983. வீடு போனது, கடை போனது, சான்றிதழை மடியில் கட்டிக்கொண்டு கப்பலேறியவர்களுக்கு அது கைகொடுத்தது. படிப்பை எரிக்க முடியாது என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சல்ல, கண்ட உண்மை. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பயத்தை இன்று சுமப்பது, அந்தக் காலத்தைக் காணாத பதினெட்டு வயதுப் பிள்ளை.

கணிதப் பிரிவுக்கும் உயிரியல் பிரிவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு, இதை அதிகம் பேசுவதில்லை. மொரட்டுவ கிடைக்காவிட்டால் கணிதப் பிள்ளைக்குக் கொழும்பிலேயே தனியார் பட்டப்படிப்புகள், கணினித் துறை என்று பக்கத்துக் கதவுகள் இருக்கின்றன. காசு வேண்டும்தான், ஆனாலும் கதவு இருக்கிறது. மருத்துவத்துக்கு அப்படி இல்லை. வசதி இருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், திரும்பி வந்து இங்கே ஒரு பரீட்சை எழுத வேண்டும். வசதி இல்லாத பிள்ளைக்கு மிஞ்சுவது இன்னொரு தடவை. மூன்று தடவை வரை அனுமதி உண்டு. பிள்ளைகள் ஃபர்ஸ்ட் ஷை, செகண்ட் ஷை, தேர்ட் ஷை என்பார்கள். அந்த வார்த்தைகளில் மூன்று வருடம் அடங்கிவிடுகிறது.

நான் கண்ட அளவில் பிள்ளைகள் உடைவது செகண்ட் ஷையில்தான். முதல் தடவையில் பாடசாலை இருக்கும், வெள்ளைச் சீருடை இருக்கும், நண்பிகள் இருப்பார்கள். இரண்டாம் தடவையில் அதெல்லாம் போய்விடும். நண்பிகள் கம்பஸ் போயிருப்பார்கள். இவள் தன்னைவிட இளைய பிள்ளைகளோடு அதே டியூட்டைத் திரும்பவும் வாங்குவாள். கல்யாண வீட்டில் "பிள்ளை இப்ப என்ன செய்யிறா?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு வார்த்தை கிடையாது. மாணவியும் இல்லை, வேலை செய்பவளும் இல்லை. ஒரு மனிதருக்குச் சமூகத்தில் பெயரில்லாத இடத்தில் ஒரு வருடம் நிற்பது எவ்வளவு பாரம் என்று யோசியுங்கள். நம் பிள்ளை கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கோயிலுக்கும் போகவில்லை.

தாய்க்கு முதலில் தெரிந்தது வேறு. ஞாயிறு பின்னேரங்களில் வயிற்றுவலி. மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது. பேப்பர் தாள்களை மெத்தைக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். நேரம் கூடக்கூடப் புள்ளி ஏறாமல் அதே இடத்தில் நின்றது. இது நான்கும் சேர்ந்து வந்தால் இன்னொரு வகுப்பு சேர்ப்பது வீண். அந்தத் தாய் ஒளித்த தாள்களை எடுத்துக்கொண்டு பாடசாலையில் முன்பு படிப்பித்த ஆசிரியையிடம் போனார். ஏசவில்லை. ஆசிரியை ஏழு தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, பௌதிகவியலில் பெரும்பாலான பிழையும் இரண்டு அலகில்தான் வருகிறது என்று காட்டினார். மூன்று வருடமாக எந்த வகுப்பிலும் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. பௌதிகவியல் ரிவிஷனை நிறுத்தி, அந்த இரண்டு அலகையும் ஆசிரியையிடமே இருந்து படித்தாள். ஒரு பாடத்தின் ரிவிஷன் மட்டும், 4 மணித்தியாலம். அவ்வளவு சிறிய மாற்றம்.

மனம் மிகவும் சோர்ந்த ஒரு கிழமையில் அவர்கள் 1926க்கும் எடுத்தார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கலாம்.

மூன்றாம் தடவை எழுதினாள். பெறுபேறு வந்த அன்று சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தது தாய்தான். வெட்டுப்புள்ளி வரும்வரை மருத்துவம் கிடைக்குமா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு புள்ளி. நேரம் காலை பத்து. பிள்ளை அப்போதும் நித்திரை. தாய் அறைக் கதவுவரை போய்ப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் திரும்பி வந்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றுக்கு உலை வைத்தாராம்.