கட்டியவரிடமே பாக்கி கேட்ட ஆப்: வெயிலில் நிறங்கள் எப்படிக் காணாமல் போகின்றன?

[காட்சி: காட்பாடி, மதியம் 12.30. டூவீலரில் நான்கு தண்ணீர் கேன். ஓட்டுபவர் கையால் ஃபோனுக்குக் குடை பிடிக்கிறார்.]

இந்தத் தம்பி போன மே மாதம், பணம் கட்டிவிட்ட ஒரு அக்காவிடம் போய் "அக்கா, போன வாரப் பாக்கி" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேனோடு வாடிக்கையும் போயிற்று. தப்பு அவர் மேல் இல்லை. அந்தக் கணக்கு ஆப்பை எழுதியவன் மேல். எழுதியவன் நான்தான்.

வேலூரை வெயிலூர் என்று நாமே கிண்டல் செய்வோம். ஆனால் நான் ஆப்பை வடிவமைத்தது ஃபேனுக்குக் கீழே, லேப்டாப்பில். கட்டியாச்சு என்றால் பச்சை, பாக்கி என்றால் ஆரஞ்சு. பார்க்க அவ்வளவு அழகு!

[திரையில்: பச்சை #4CAF50, ஆரஞ்சு #FF9800]

சரி, வெயில் என்ன செய்கிறது? பலரும் வெயில் திரையை மங்கச் செய்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. திரை அதே வெளிச்சத்தைத்தான் தருகிறது. ஃபோன் கண்ணாடி வெளி வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, அது எல்லா நிறத்தின் மேலும் ஒரே அளவில் ஏறி உட்காருகிறது. பாலில் தண்ணீர் கலப்பது மாதிரி இல்லை இது. தண்ணீரில் பால் ஊற்றுவது மாதிரி. கறுப்பும் வெளுத்துவிடும்.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கணக்காகவே போட்டுவிடுவோம். திரையின் வெள்ளை 500 நிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிட் என்பது திரைப் பிரகாசத்தின் அளவு. கண்ணாடி திருப்பி அனுப்புவது 250. இப்போது வெள்ளை 750, சுத்தக் கறுப்பு 250. ஆக, உலகத்திலேயே பெரிய கான்ட்ராஸ்ட்டான கறுப்பு-வெள்ளையே மூன்று மடங்குக்கு இறங்கிவிட்டது! எல்லோரும் படிக்கும்படி இணையப் பக்கங்களை அமைக்கச் சொல்லும் டபிள்யூசிஏஜி விதியில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 மடங்கு வேண்டும். அந்த விதியை மயிரிழையில் பாஸ் செய்கிற சாம்பல் #767676 இருக்கிறதே, அது வெள்ளைமேல் இந்த வெயிலில் 2.2 தான்.

இனி என் பச்சையும் ஆரஞ்சும். வெள்ளையின் வெளிச்சத்தில் பச்சை சுமார் 33 சதவீதம், ஆரஞ்சு 44 சதவீதம். 500-க்குப் போட்டால் 164, 218. அதோடு 250 சேர்த்தால் 414, 468. வித்தியாசம் வெறும் 1.13 மடங்கு. நிறமும் வெளிறிப்போயிருக்கும். தம்பி எதைப் பார்த்து எதைச் சொல்வார், பாவம்?

அதனால் நிறத்தை நம்புவதை விட்டுவிட்டேன். கட்டியவர் பெயர் வெள்ளைமேல் கறுப்பு. பாக்கி உள்ளவருக்கு வரி முழுக்கக் கறுப்புப் பட்டை, அதில் வெள்ளையாக "பாக்கி ₹60". வார்த்தையே சொல்லிவிடுகிறது, பட்டை கண்ணில் அடிக்கிறது. டார்க் மோட் போடலாமே என்று கமென்டில் கேட்பீர்கள். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் வெயிலில் முதலில் தெரிவது உங்கள் முகம்தான். சலூனில் உட்காருவது போல இருக்கும். பட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் எழுத்து. ஆங்கிலத்துக்கு 16 பிக்சல் போதும் என்ற பழக்கத்தில் தமிழையும் அதே அளவில் வைத்திருந்தேன். தமிழ் எழுத்தில் அதே உயரத்துக்குள் சுழிகள் அதிகம். வெயிலில் முதலில் காணாமல் போவது புள்ளி. அடுத்து, ரி-யா ரீ-யா என்று சொல்லும் அந்தச் சின்னச் சுழி.

[காட்சி: அதே பெயர், மெல்லிய எழுத்திலும் தடித்த எழுத்திலும், பக்கத்தில் பக்கத்தில்.]

மெல்லிய எழுத்தில் இன்னொரு திருட்டு நடக்கிறது. கோடு மெலிந்தால், அதன் ஓரத்தை மென்மையாக்க ஃபோன் அதைச் சாம்பலாகத்தான் வரைகிறது. நீங்கள் கறுப்பு என்று எழுதியிருப்பீர்கள், திரையில் இருப்பது கறுப்பு இல்லை. நான் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் இப்படி வைத்தேன்:

```css
body {
  font-family: "Noto Sans Tamil", sans-serif;
  color: #000;
  background: #fff;
  font-size: 20px;
  font-weight: 500;
  line-height: 1.6;
}
```

ஒரு திரைக்கு ஒன்பது பெயர் தெரிந்த இடத்தில் இப்போது ஆறுதான் தெரிகிறது. தம்பி அதற்காக முணுமுணுத்தார், நியாயம்தான். ஒருமுறை கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது.

சோதிப்பதற்கு ஆபீஸ் ஜன்னலோரம் போதாது. மொட்டை மாடிக்குப் போங்கள், பத்து நிமிடம் ஃபோனை வெயிலில் பிடியுங்கள். சூடேறினால் பல ஃபோன்கள் தங்கள் வெளிச்சத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். தம்பியின் ஃபோன் நாள் முழுக்க அந்த நிலைமையில்தான் இருக்கிறது, எனவே அந்தப் பதினோராவது நிமிடத்தில்தான் ஒரு பெயரைப் படித்துப் பாருங்கள். நான் முதல்முறை போனபோது வாசித்தது "குமார்" இல்லை, புள்ளி போன "குமார".