42 என்ற எண்ணுக்குள் இருந்த 42 பேர்

(திரையில்: எட்டு வரிகள் கொண்ட சிறிய எக்செல் அட்டவணை. இடப்பக்கம் துறைகளின் பெயர், வலப்பக்கம் ஆட்களின் எண்ணிக்கை.)

வணக்கம். சென்ற மாதம் நம் கிண்டி அலுவலகத்திலிருந்து மூன்று கேன்டீன் ஒப்பந்ததாரர்களுக்குப் போன அட்டவணை இது. மதியச் சாப்பாட்டுக்கு விலை கேட்டிருந்தோம். அவர்களுக்குத் தேவைப்பட்டது எந்தத் துறையில் எத்தனை பேர் என்பது மட்டும்தான். கணக்குப் பிரிவு 42, கிடங்கு 61 என்று எண்களைத் தவிர இதில் எதுவும் இல்லை. அனுப்பியவரும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

இப்போது அந்த 42 மீது இரட்டைக் கிளிக் செய்கிறேன். பாருங்கள்.

(திரையில்: புதிய ஷீட் திறக்கிறது. வரிகள் மங்கலாக்கப்பட்டுள்ளன.)

42 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒருவருடைய பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், மாதச் சம்பளம். ஒப்பந்ததாரர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர் தற்செயலாக இதைத்தான் செய்திருக்கிறார். "மேடம், இதில் உங்கள் ஆட்களின் சம்பளமெல்லாம் தெரிகிறதே" என்று அவரே தொலைபேசியில் சொன்னார். அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இது எப்படி நடந்தது? அந்த அட்டவணை ஒரு பிவட் டேபிள், அதாவது பெரிய பட்டியலைத் தொகுத்துச் சுருக்கமாகக் காட்டும் எக்செல் வசதி. சம்பளப் பட்டியலிலிருந்து அதை உருவாக்கும்போது, பட்டியலின் நகல் ஒன்றை எக்செல் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறது. கோப்பைச் சேமிக்கும்போது அந்த நகலும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. நம் சக ஊழியர் சம்பள ஷீட்டை அழித்துவிட்டுத்தான் அனுப்பினார். ஷீட் போய்விட்டது, உள்ளே இருந்த நகல் போகவில்லை. கோப்பின் அளவைப் பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்: எட்டு வரி அட்டவணை இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு கனமாக இருந்தது.

ஷீட்டை மறைத்து வைப்பதும் இதே வகை ஆபத்துதான். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்துக்கு எக்செல் கோப்பில் பதில் கொடுத்தது. அதில் மறைந்திருந்த ஒரு ஷீட் வழியாக அதன் காவலர்கள், பணியாளர்கள் 9,483 பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியாகின. அங்கே காவலர் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்து உண்டு.

அப்படியானால் எப்படி அனுப்புவது? தேவையான பகுதியை மட்டும் நகலெடுங்கள். புதிய வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, "Paste Special" போய் "Values" என்பதைத் தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள். பிறகு ஓர் எண் மீது இரட்டைக் கிளிக் செய்யுங்கள். புதிய ஷீட் எதுவும் திறக்காமல், கட்டத்துக்குள் கர்சர் மட்டும் துடித்தால் சரி. எதிர்முனையில் யாரும் கணக்குப் போடப் போவதில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது இன்னும் நல்லது.

(திரையில்: கடிகாரம். மாலை 3 மணி.)

இனி நான் அதிகம் வருந்தும் இடத்துக்கு வருகிறேன். அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது மாலை 3 மணிக்கு. எங்களுக்குத் தெரிந்தது மறுநாள் காலை 10 மணிக்கு. நடுவில், கோப்பை அனுப்பிய நம் சக ஊழியர் அவுட்லுக்கில் "Recall" கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த வசதி ஒரே நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிகளுக்குள்தான் செல்லும். ஜிமெயில் வைத்திருக்கும் ஒப்பந்ததாரரிடமிருந்து எதையும் திரும்ப எடுக்காது. அதற்குள் இன்னொரு ஒப்பந்ததாரர் அந்தக் கோப்பைத் தன் சமையல் மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். 3 மணிக்கே சொல்லியிருந்தால், மூன்று பேரையும் ஒரே மணி நேரத்தில் பிடித்திருக்கலாம்.

பயந்துதான் சொல்லவில்லை என்றார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அவர் மீது நடவடிக்கை எதுவும் இல்லை. முதலில் சொல்பவர் மீது இனியும் இருக்காது. ஆனால் மறைத்தால் நம்மால் உதவ முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவறுதலாக வெளியே போனதையும் தரவு மீறல் என்றே வரையறுக்கிறது.

மறுநாள் நான் மூவரிடமும் நேரில் போனேன். கோப்பைத் திறந்தீர்களா, யாருக்கு அனுப்பினீர்கள், எந்தக் கருவியில் இறக்கினீர்கள் என்று கேட்டேன். அஞ்சல் பெட்டி, டவுன்லோட் பகுதி, இரண்டு கைபேசிகள் என ஒவ்வோர் இடத்திலும் என் கண்ணெதிரே அழிக்கச் சொல்லி, எழுத்தில் உறுதி வாங்கினேன். அதன்பிறகுதான் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும், உங்கள் விவரம் வெளியே போனது என்று கடிதம் கொடுத்தோம். வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது அழைத்தால் எதையும் சொல்ல வேண்டாம் என்றும் அதில் எழுதினோம். ஓட்டுநர் ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "என் சம்பளம் என் வீட்டிலேயே முழுதாகத் தெரியாது மேடம்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

(திரையில்: "Sent Items" பட்டியல்.)

இந்த வீடியோ முடிந்ததும், இந்த ஆண்டு நீங்கள் வெளியே அனுப்பிய எக்செல் கோப்புகளைத் திறந்து, எண்கள் மீது இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள். பெயர்கள் வந்து விழுந்தால் எதையும் அழிக்காமல், யாருக்கும் மறு அஞ்சல் அனுப்பாமல் இரண்டாம் மாடிக்கு வாருங்கள். இந்த வாரம் முழுவதும் மாலை 7 மணி வரை அங்கே இருப்பேன்.